சமையலறையில் கிருமி இடம் மாறாமல் தடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையலறைகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி அளிப்பது என் வேலை. ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. நிறப் பலகைகள், கை கழுவுதல், பிரித்து வைத்தல் ஆகியவை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எல்லாவற்றையும் அடுப்பில் வைத்து வேகவைக்கத்தானே போகிறோம்? கிருமி எப்படித் தப்பிக்கும்?

எல்லாவற்றையும் வேகவைப்பதில்லை என்பதுதான் சிக்கல். கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால் அதிலிருக்கும் சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் அழிந்துவிடும். ஆனால் அந்தக் கோழியை வெட்டிய பலகையிலேயே அடுத்து வெள்ளரிக்காயை நறுக்கினால், வெள்ளரிக்காய் அடுப்புப் பக்கமே போகப்போவதில்லை. கோழி பத்திரமாக வெந்துவிடும். நோய் சாலட் வழியாக வரும். சாப்பிட்டவர் மறுநாள் கோழியைத்தான் திட்டுவார்.

ஒருவரைப் படுக்கவைக்கச் சில நூறு கேம்பிலோபாக்டர் கிருமிகளே போதும். இறைச்சியிலிருந்து கசியும் ஒரு சொட்டு நீரில் அவ்வளவு இருக்கக்கூடும். ஆகவே சமையலறையில் உள்ள உணவை இரண்டே வகையாகப் பாருங்கள்: இனிமேல் வேகப்போவது, இனி வேகாமல் நேராக வாய்க்குப் போவது. முதல் வகை இரண்டாம் வகையைத் தொடக்கூடாது. நேரடியாகவும் கூடாது, கை, கத்தி, துணி, குழாய் வழியாகவும் கூடாது. சமைத்து இறக்கிய இறைச்சியும் இரண்டாம் வகைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்த நிறப் பலகை எதற்கு? ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பரவலாக இருக்கும் ஒரு முறை இது. சிவப்பு சமைக்காத இறைச்சிக்கு, நீலம் சமைக்காத மீனுக்கு, மஞ்சள் சமைத்த இறைச்சிக்கு. பச்சை நிறம் சாலட், பழங்களுக்கு. பழுப்பு மண்ணோடு வரும் காய்கறிகளுக்கு. வெள்ளை ரொட்டி, பாலாடைக்கட்டி போன்றவற்றுக்கு. ஊதா ஒவ்வாமை உள்ளவர்களுக்காகத் தனியாகத் தயாரிக்கும் உணவுக்கு.

காய்கறிக்கு ஏன் இரண்டு நிறம் என்று உடனே கேட்பார்கள். மண்ணில் விளைந்த கிழங்கின் தோலில் ஈ.கோலை, லிஸ்டீரியா போன்றவை ஒட்டியிருக்கலாம். கிழங்கு வேகப்போகிறது, கழுவி வைத்த கீரை இலை அப்படியே தட்டுக்குப் போகிறது. முதல் பதிலில் சொன்ன இரண்டு வகைகள் இங்கேயும் அப்படியே பொருந்துகின்றன.

வேறொரு சமையலறையில் மஞ்சள் பலகையில் சமைக்காத கோழியை வெட்டினார்கள். அவர்கள் செய்தது தவறா?

தவறில்லை. நிறங்கள் வழக்கமாக வந்தவை. உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் கிடையாது. சில இடங்களில் மஞ்சள் சமைத்த இறைச்சிக்கு, வேறு சில இடங்களில் அதே மஞ்சள் சமைக்காத கோழிக்கு. ஒரு சமையலறைக்குள் எல்லோரும் ஒரே பட்டியலைப் பின்பற்றினால் போதும்.

ஆபத்து, ஆள் இடம் மாறும்போதுதான் வருகிறது. பழைய இடத்தின் பழக்கத்தோடு வந்தவர் முதல் நாளே சமைக்காத கோழியை மஞ்சளில் வைப்பார். அவரைப் பொறுத்தவரை அதுதான் சரி. பக்கத்தில் நிற்பவர் அதே பலகையில் வெந்த கோழியைத் துண்டு போடுவார். இருவருமே விதியைக் கடைப்பிடித்திருக்கிறார்கள்! அதனால் புதிதாக வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “நீங்கள் இருந்த இடத்தில் மஞ்சள் எதற்கு?” என்பதுதான். நிற அட்டையை அலுவலக அறையில் மாட்டிப் பயனில்லை. பலகைகள் நிற்கும் தாங்கிக்கு மேலேயே மாட்டுங்கள்.

பலகை வேறு வேறாக இருக்கிறது. கத்தி ஒன்றுதான். பரவாயில்லையா?

பலகையை மாற்றிவிட்டுக் கத்தியை மாற்றாமல் இருந்தால் பலகையை மாற்றியதற்குப் பொருளே இல்லை. வெட்டும்போது இறைச்சியின் நீர் முதலில் படுவது கத்தியில்தான். கைப்பிடியும் அலகும் சேரும் இடுக்கில் அது தங்கிவிடும். பலகையின் நிறத்திலேயே கைப்பிடி உள்ள கத்தி இருந்தால் வசதி. இல்லாவிட்டால் பலகையும் கத்தியும் எப்போதும் ஜோடியாகவே கழுவப்போக வேண்டும்.

வீட்டில் ஏழு பலகைகளுக்கு இடமில்லை. ஒன்றோ இரண்டோ வைத்துச் சமாளிக்க முடியாதா?

தாராளமாக முடியும். வீட்டுக்கு இரண்டு போதும்: ஒன்று சமைக்காத இறைச்சி, மீனுக்கு, மற்றொன்று மீதி எல்லாவற்றுக்கும். இரண்டும் பார்த்தவுடனே வித்தியாசம் தெரிகிற மாதிரி இருக்கட்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்பதே போதுமான அடையாளம்.

ஒரே பலகைதான் என்றால் நேரத்தால் பிரியுங்கள். வேகாமல் சாப்பிடப்போவதை முதலில் நறுக்கி மூடி வையுங்கள், அடுத்து வேகப்போகும் காய்கறி, கடைசியாக இறைச்சி. அதற்குப் பிறகு அந்தப் பலகை கழுவப்போகட்டும். ஏழு பலகைகளை வைத்துக்கொண்டு தோன்றிய வரிசையில் வேலை செய்பவரைவிட, ஒரே பலகையில் இந்த வரிசையைத் தவறாமல் பின்பற்றுபவரின் சாலட்டை நான் தைரியமாகச் சாப்பிடுவேன்.

மரப் பலகை நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மரம் கிருமியை வளர்க்கும் என்ற எண்ணம் நெடுங்காலமாக இருந்தது. 1990களில் டீன் கிளைவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழுவோடு சோதித்துப் பார்த்தபோது, மரத்தின் மேல் விட்ட பாக்டீரியா உள்ளே உறிஞ்சப்பட்டு, அங்கே பெருகாமல் மெல்ல மடிவதைக் கண்டார். புதிய பிளாஸ்டிக்கைக் கழுவுவது எளிது. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் தேய்த்துச் சுத்தமாக்குவது கடினம்.

ஆகவே எதில் செய்தது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். உலர்ந்த பலகையின் மேல் நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் கீறலில் சிக்கி நின்றால், தேய்த்துக் கழுவியும் கீறல்களில் கறுப்புக் கோடு போகாமல் இருந்தால், அந்தப் பலகையின் காலம் முடிந்துவிட்டது. நிற முறை கடைப்பிடிக்கும் இடங்களில் பிளாஸ்டிக்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். இயந்திரத்தில் போட்டுச் சூடான நீரில் கழுவலாம்.

பலகையைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதாதா? கிருமிநாசினியும் கட்டாயமா?

ஒரே பலகையை இறைச்சிக்குப் பிறகு வேறு எதற்காவது எடுக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டும் வேண்டும், வரிசையும் மாறக்கூடாது. முதலில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுங்கள். வெந்நீரும் சோப்பும் போட்டு, கீறல்கள் போகும் திசையிலேயே பிரஷ்ஷால் தேயுங்கள். சோப்பு போக அலசுங்கள். அதன் பிறகுதான் கிருமிநாசினி. கொழுப்பும் இறைச்சித் துணுக்கும் இருக்கும்போதே குளோரினை ஊற்றினால், அது அவற்றோடு வினைபுரிந்தே தன் பலத்தை இழந்துவிடும்.

வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் திரவமாக இருந்தால், ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 2 மில்லி போதும். பலகையின் மேற்பரப்பு குறைந்தது ஒரு நிமிடம் நனைந்தபடியே இருக்க வேண்டும். புட்டியில் வேறு அளவோ நேரமோ போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் தெளித்ததே வீண். வினிகரோடும் அம்மோனியா உள்ள பொருளோடும் பிளீச்சைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். கலவையை அன்றன்று புதிதாகக் கலக்குங்கள்.

கடைசியில் பலகையை நிற்கவைத்துக் காற்றில் உலரவிடுங்கள். ஈரப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைப்பதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். கழுவி முடித்த பலகைகளுக்கு நடுவே ஈரத்தைப் பூட்டி வைக்கிற வேலை அது.

கையை எத்தனை நேரம் கழுவ வேண்டும்? வெந்நீர்தான் வேண்டுமா?

ஈரமாக்கி, சோப்பு போட்டு, 20 விநாடி தேய்க்க வேண்டும். நீரின் வெப்பம் முக்கியமில்லை. கை தாங்கும் சூட்டில் எந்தக் கிருமியும் சாவதில்லை. சோப்பும் தேய்ப்பும் அதைத் தோலிலிருந்து பெயர்த்து எடுக்க, ஓடும் நீர் அடித்துக்கொண்டு போகிறது. உள்ளங்கைகளை எல்லோரும் நன்றாகத் தேய்ப்பார்கள். விட்டுப்போவது கட்டைவிரல், விரல் நுனி, நகத்தின் அடி, விரல் இடுக்கு. இறைச்சியைப் பிடித்ததும் உப்பைக் கிள்ளியதும் அந்த விரல் நுனிகள்தான்.

துடைப்பதும் கழுவுவதில் ஒரு பகுதி. ஈரக் கை, உலர்ந்த கையைவிட மிக எளிதாகக் கிருமியை வாங்கும், கொடுக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் காகிதத் துண்டால் துடையுங்கள். அதே துண்டால் குழாயைப் பிடித்து மூடுங்கள். இறைச்சி பட்ட கையோடுதானே அந்தக் குழாயைத் திறந்தீர்கள்? வெறுங்கையால் மூடினால், போன அழுக்கு திரும்பக் கைக்கே வந்துவிடும்.

ஒவ்வொன்றையும் தொட்ட பிறகு கழுவு என்றால் நாள் முழுக்கக் கழுவிக்கொண்டேதான் நிற்க வேண்டும். நடைமுறையில் எப்படி முடியும்?

இது நியாயமான குறை. எத்தனை முறை கழுவ வேண்டியிருக்கும் என்பதை வேலையின் வரிசைதான் முடிவு செய்கிறது. ஒரு கோழி வறுவலும் ஒரு சாலட்டும் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

வழக்கமாக நடப்பது இது. கோழிப் பொட்டலத்தைப் பிரித்து வெட்டத் தொடங்குகிறார். உப்பு வேண்டும், ஜாடியைத் திறக்கிறார். மிளகுத்தூள் புட்டி. எண்ணெய்ப் புட்டி. இடுக்கி எடுக்க இழுப்பறை. பொட்டலத் தாளை எறியக் குப்பைத் தொட்டியின் மூடி. நடுவே தொலைபேசி ஒலிக்கிறது. சாலட்டுக்குத் தக்காளி எடுக்க ஃபிரிட்ஜ் கைப்பிடி. ஒவ்வொரு தொடலுக்கும் முன்னால் கை கழுவியிருக்க வேண்டும், யாரும் கழுவமாட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கையைக் கழுவினாலும், உப்பு ஜாடியின் மூடி கழுவப்படுவதில்லை. அடுத்தவர் சாலட்டுக்கு உப்பு போட அதைத்தான் திறப்பார்.

இப்போது வரிசையை மாற்றுங்கள். கையைக் கழுவிவிட்டுச் சாலட்டை முதலில் நறுக்கி, மூடி, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். கோழிக்கு வேண்டிய உப்பையும் மிளகுத்தூளையும் ஒரு சிறு கிண்ணத்தில் எடுங்கள். வாணலியில் எண்ணெயை ஊற்றுங்கள். இரண்டு இடுக்கிகளை வெளியே எடுத்து வையுங்கள். குப்பைத் தொட்டியைத் திறந்து வையுங்கள். தொலைபேசியைத் தள்ளி வையுங்கள். அதன் பிறகுதான் கோழியைத் தொட வேண்டும். வெட்டி, கிண்ணத்தில் உள்ளதைத் தூவி, வாணலியில் இட்டு, தாளை எறிந்து, பலகை, கத்தி, கிண்ணம் மூன்றையும் நேராக சிங்கில் போடுங்கள். கிண்ணத்தில் மிஞ்சிய உப்பு குப்பைக்கு, ஜாடிக்குத் திரும்பக்கூடாது. இப்போது கையைக் கழுவுங்கள். பாத்திரத்தையும் சிங்கையும் குழாய்ப் பிடியையும் கழுவியபின் இன்னொரு முறை. கோழியைப் போட்ட இடுக்கி ஒன்று, வெந்ததை எடுக்கும் இடுக்கி வேறு, தட்டும் புதிது. மொத்தம் மூன்று கழுவல்களில் வேலை முடிந்துவிட்டது.

வேலை நடுவே கழிவறைக்குப் போனாலும், தும்மினாலும், முட்டை உடைத்தாலும், குப்பையைத் தொட்டாலும் கழுவ வேண்டும் என்பதில் மட்டும் சலுகை இல்லை.

கை கழுவ நேரமில்லாதபோது சானிடைசர் போட்டுக்கொள்கிறேன். அது போதும்தானே?

சமையலறையில் போதாது. கொழுப்பும் இறைச்சி நீரும் படிந்த கையில் ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது. அழுக்கு அங்கேயே இருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸை அது நன்றாகக் கட்டுப்படுத்துவதும் இல்லை. கழுவித் துடைத்த கையில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நான் எப்போதும் கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறேன். எனக்குமா இதெல்லாம்?

கையுறை உங்கள் கையைக் காப்பாற்றுகிறது. உணவைக் காப்பாற்றுவது நீங்கள் அதை எப்போது கழற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறுங்கையில் இறைச்சி நீர் பட்டால் பிசுபிசுப்பு தெரியும், கழுவத் தோன்றும். கையுறை போட்டவருக்கு அந்த உணர்வே இருக்காது. கோழியைத் தொட்ட கையுறையோடு ஃபிரிட்ஜைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ரொட்டியையும் எடுத்துவிடுவார். போடும் முன் கை கழுவுங்கள். முந்தைய பதில்களில் கை கழுவச் சொன்ன இடங்களிலெல்லாம் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையைக் கழுவி, வேண்டுமானால் புதியதைப் போடுங்கள். போட்டிருக்கும் கையுறையின் மேலேயே சோப்பு போட்டுக் கழுவுவது வேண்டாம்.

கோழியை நன்றாகக் கழுவிவிட்டால் கிருமி போய்விடாதா? கழுவாமல் சமைக்க மனம் வரவில்லை.

தண்ணீர் கிருமியைக் கொல்வதில்லை, இடம் மாற்றுகிறது. குழாயின் கீழே பிடித்த கோழியில் பட்டுத் தெறிக்கும் நீர் சிங்க், குழாய்ப் பிடி, பக்கத்தில் உலரவைத்த தட்டு என்று போய்ச் சேரும்.

அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தீங்கு செய்யாத ஒரு பாக்டீரியாவை அடையாளத்துக்காகத் தடவிய கோழியைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். கூடவே ஒரு சாலட்டும் செய்ய வேண்டும். கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் சிங்கில் அந்தப் பாக்டீரியா இருந்தது. சிங்கைச் சுத்தம் செய்ய முயன்ற பிறகும் 14 சதவீதத்தினரின் சிங்கில் அது மிஞ்சியிருந்தது. 26 சதவீதத்தினரின் சாலட் இலைகளுக்கும் போய்விட்டது.

இதைவிட முக்கியமான எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதத்தினரின் சாலட்டில் பாக்டீரியா கிடைத்தது. கழுவாமல் விட்டது மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. சரியாகக் கழுவாத கைகளும் கரண்டி, கத்திகளும் அந்த வேலையைச் செய்துவிட்டன. ஆகவே கோழியைக் கழுவாதீர்கள். அதில் ஒட்டியிருப்பது உறுத்தினால் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து எறிந்துவிட்டு, கையைக் கழுவுங்கள்.

ஃபிரிட்ஜில் எது மேலே, எது கீழே?

நீர் கீழ்நோக்கித்தான் சொட்டும். அதனால் வேகாமல் சாப்பிடப்போவதும் சமைத்து வைத்ததும் மேலே. அதற்குக் கீழே சமைக்காத மீன், முழுத் துண்டு இறைச்சி. அதற்கும் கீழே கொத்திய இறைச்சி. எல்லாவற்றுக்கும் கீழே கோழி. மேலிருந்து கீழே போகப் போக, உணவு பத்திரமாவதற்கு வேண்டிய வெப்பமும் கூடிக்கொண்டே போகிறது. முழுத் துண்டு இறைச்சியின் மேல் கோழியின் நீர் சொட்டினால், அந்த இறைச்சிக்குப் போதுமான சூடு கோழியின் கிருமிக்குப் போதாமல் போகலாம். தலைகீழாகச் சொட்டினால் அந்தக் கவலை இல்லை.

ஃபிரிட்ஜ் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குளிரை நம்பி இடத்தைத் தளர்த்திவிடாதீர்கள். லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது.

எல்லாம் பொட்டலத்திலும் டப்பாவிலும் மூடித்தான் இருக்கிறது. அப்போதும் இந்த வரிசை வேண்டுமா?

இறுக்கமான டப்பா என்றால் ஆபத்து குறைவு. பொட்டலத்தை நம்பாதீர்கள். கடைப் பொட்டலத்தின் வெளிப்புறமே இறைச்சி நீர் பட்டுத்தான் வருகிறது. மூலையில் ஊசித் துளை இருந்தால் இரவு முழுக்க ஒழுகும். விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் வைத்துக் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைந்த இறைச்சியை இளக வைக்கும்போது இது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் நீர் வெளியேறுவதே அப்போதுதான்.

துடைக்கும் துணியைத் தினமும் துவைக்கிறேன். அதிலும் குற்றம் கண்டுபிடிப்பீர்களா?

கண்டுபிடிப்பேன். சுவரில் அட்டை, ஏழு நிறப் பலகை, நிறக் கைப்பிடிக் கத்தி எல்லாம் வைத்திருக்கும் சமையலறையில் தோளில் ஒரே துணியோடு நடமாடுபவரைப் பார்த்திருக்கிறேன். சிவப்புப் பலகை இருந்த மேடையைத் துடைத்து, கையைத் துடைத்து, பரிமாறப்போகும் தட்டின் விளிம்பையும் அதிலேயே துடைப்பார். பலகைகள் பிரித்துவைத்ததை எல்லாம் அந்தத் துணி ஒன்றாகச் சேர்த்துவிடும்.

இறைச்சி நீர் சிந்தினால் காகிதத் துண்டால் துடைத்து எறியுங்கள்; அந்த இடத்தைப் பலகைக்குச் சொன்ன வரிசையில் சுத்தம் செய்யுங்கள். மேடைத் துணி, கைத்துணி, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி மூன்றும் தனித்தனி. ஈரமாகச் சுருண்டு கிடக்கும் துணியில் கிருமி சில மணி நேரத்திலேயே பெருகிவிடும், ஆகவே வேலை நேரத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும்.

பலகை மாதிரி, இயந்திரத்தையும் நன்றாகக் கழுவிவிட்டு இரண்டு வேலைக்கும் பயன்படுத்தலாமா? இறைச்சி சீவும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது.

கூடாது. பலகையில் எல்லா இடத்தையும் கண்ணால் பார்க்கலாம், பிரஷ் எட்டும். சீவும் இயந்திரம், கொத்தும் இயந்திரம், வெற்றிடப் பொதி இயந்திரம் ஆகியவற்றில் பிரஷ்ஷும் கண்ணும் எட்டாத இடுக்குகள் இருக்கின்றன.

2005இல் தெற்கு வேல்ஸ் பள்ளிகளில் ஈ.கோலை ஓ157 பரவியது. 150க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2009இல் வந்தது. பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சி கொடுத்த இடத்தில், சமைக்காத இறைச்சிக்கும் சமைத்ததற்கும் ஒரே வெற்றிடப் பொதி இயந்திரத்தைப் பயன்படுத்தியது அதில் வெளிப்பட்டது. அதற்குப் பிறகு பிரிட்டனின் உணவுத் தர முகமை, இப்படிப்பட்ட இயந்திரங்களை இரண்டுக்கும் பொதுவாக வைக்கக்கூடாது என்று வழிகாட்டியது. ஒரே இயந்திரம் என்றால் அதை எந்த வகைக்கு என்று முடிவு செய்து ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். மற்ற வகையைக் கையால் வெட்டுங்கள்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்குச் சமைக்கிறோம். பலகையைக் கிருமிநாசினியில் ஊறவைத்துவிட்டோம். சரிதானே?

கிருமியைப் பொறுத்தவரை சரி. ஒவ்வாமையைப் பொறுத்தவரை அதை நம்ப முடியாது. ஒவ்வாமையைத் தூண்டுவது புரதம். அதற்கு உயிர் இல்லை, கொல்ல முடியாது. வேகவைத்தாலும் போகாது, ஆகவே முதல் பதிலில் சொன்ன, “வேகப்போவதுதானே” என்ற ஆறுதல் இங்கே கிடையாது. சோப்பு போட்டுத் தேய்த்து அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி. ஊதாப் பலகையும் அதற்கான கத்தி, இடுக்கியும் மூடிய பெட்டியில் தனியே இருப்பது அதனால்தான். வேர்க்கடலை பொரித்த எண்ணெயை எத்தனை முறை வடிகட்டினாலும் அவருக்கு ஆகாது.

ஒருவர் தெரியாமல் பச்சை நிறப் பலகையில் சமைக்காத கோழியை வைத்துவிட்டார். அரைமணி கழித்துத்தான் தெரிந்தது. இப்போது என்ன செய்வது?

முதலில் திட்டாதீர்கள். திட்டு விழும் இடத்தில் அடுத்த முறை யாரும் சொல்லமாட்டார்கள். கோழி வைத்தது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பலகையில் வெட்டியது எல்லாம், அவை போய்ச் சேர்ந்த கிண்ணம் உட்பட, குப்பைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் வெட்டி வேறிடத்தில் மூடி வைத்தது நல்லதுதான். நேரம் யாருக்கும் நினைவில்லை என்றால் அன்று அந்தப் பலகையில் வெட்டிய அனைத்தும் போக வேண்டும்.

முகர்ந்து பார்த்தோ, கழுவியோ தக்கவைக்க முயல வேண்டாம். இந்த அளவுக் கிருமிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நறுக்கிய இலையைக் கழுவினாலும் ஒட்டியது முழுதாகப் போகாது. வேண்டுமானால் நறுக்கிய தக்காளியைச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிடலாம், அது வேகப்போகும் வகைக்கு மாறிவிடுகிறது. சாலட்டாகப் பரிமாற முடியாது. பிறகு பலகை, கத்தி, மேடை, துணி, குழாய், அந்த அரைமணியில் தொட்ட கைப்பிடிகள் எல்லாவற்றையும் மேலே சொன்ன வரிசையில் சுத்தம் செய்யுங்கள்.

நான் நிற்கும்போது எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். நான் இல்லாதபோது செய்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொருட்களைப் பாருங்கள். பச்சை நிறப் பலகை கீறிக் கீறித் தேய்ந்திருக்க, பழுப்பு புதிது போல மின்னுகிறதா? எல்லாவற்றையும் பச்சையிலேயே வெட்டுகிறார்கள். கை கழுவும் சிங்க் வேலை நேரத்தின் நடுவே முற்றிலும் காய்ந்திருப்பதும், அதில் யாரோ பாத்திரம் ஊறவைத்திருப்பதும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. கைசோப்புப் புட்டியை நிரப்பும்போது தேதியை எழுதி ஒட்டுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டால் கழுவுகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

இன்னும் தெளிவாகக் காட்ட, புற ஊதா விளக்கில் ஒளிரும் பயிற்சிப் பொடி கிடைக்கிறது. பயிற்சிக்கென வைத்த, சமைக்கப்போகாத ஒரு கோழிப் பொட்டலத்தின் வெளியே அதைத் தடவி, அரைமணி வழக்கம்போல் வேலை செய்யச் சொல்லுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் பிடியுங்கள். பலகை பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். குழாய்ப் பிடி, ஃபிரிட்ஜ் கைப்பிடியின் உட்புறம், உப்பு ஜாடியின் மூடி, அங்கியில் இடுப்புப் பக்கம் கை துடைத்த இடம் எல்லாம் ஒளிரும்.